சிமெண்ட் மூட்டை, கம்பிக் கட்டு போட்டோவைப் பார்த்து கிரேடு கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டைக் கட்டும்போது மேஸ்திரி வாட்ஸ்அப்பில் ஒரு மூட்டை போட்டோ அனுப்பினார். மூட்டையின் முகத்தில் பெரிதாக 53 என்று இருந்தது. சரி, 53 கிரேடு வந்துவிட்டது என்று கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். தளம் போட்டு எட்டாவது நாளே முட்டுக்கட்டைகளை எடுத்துவிட்டார்கள், பத்து நாளில் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். இன்ஜினியர் வந்து காலி மூட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது பிபிசி. இதுக்கு யார் எட்டு நாள்ல முட்டு எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார். பிபிசி என்றால் ஃப்ளை ஆஷ், அதாவது நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட், மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அந்த 53, கம்பெனி தன் சரக்குக்கு வைத்திருந்த பெயரின் ஒரு பகுதி. அவ்வளவுதான். விரிசலுக்கு அது ஒன்றே காரணம் என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் மூட்டையை நான் படிக்கவே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்கப்புறம் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் எனக்கு போட்டோ அனுப்ப ஆரம்பித்தார்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள், அதனால் எந்த வரிசையில் பார்க்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

## 1. முதலில் வரைபடத்தைக் கையில் எடுங்கள்

போட்டோவைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் இன்ஜினியர் கொடுத்த கட்டமைப்பு வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். கான்கிரீட் M20 அல்லது M25 என்றும், கம்பி Fe 500D என்றும், சிமெண்ட் எந்த வகை என்றும் அங்கே எழுதியிருக்கும். சிமெண்ட் வகை எழுதவில்லை என்றால் இன்ஜினியரிடம் கேட்டு அதே தாளில் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் போட்டோவைப் பார்த்தால், மூட்டையில் என்ன இருக்கிறதோ அதுவே சரி என்று மனசு சொல்லிவிடும். M20-இல் வரும் 20, மூட்டையில் வரும் 53, கம்பியில் வரும் 500 எல்லாம் வேறு வேறு சங்கதிகள். M20 என்பது கலந்து போட்ட கான்கிரீட்டின் பலம், 53 சிமெண்டின் பலம், 500 கம்பி எவ்வளவு இழுவைக்குப் பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பாது என்ற அளவு. "53 போட்டா M20 தானா வந்துடும்" என்று ஒரு மேஸ்திரி என்னிடம் சொல்லியிருக்கிறார். வராது. கலவை விகிதமும் தண்ணீரும் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும்.

## 2. போட்டோவை எப்படிக் கேட்க வேண்டும்

முக்கால்வாசி குழப்பம் மோசமான போட்டோவால் வருவது. கடைக்காரர் அனுப்புவது பெரும்பாலும் அடுக்கின் முன்பக்கம், அதுவும் தூரத்தில் இருந்து எடுத்தது. அதில் கம்பெனிப் பெயரும் படமும் தெரியும், நமக்கு வேண்டிய சின்ன எழுத்து தெரியாது.

சிமெண்டுக்கு மூன்று போட்டோ கேளுங்கள்: முழு மூட்டை ஒன்று, ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் கிட்டத்தில் ஒன்று, வாரமும் மாதமும் அச்சிட்ட இடம் ஒன்று. கம்பிக்கும் மூன்று: கம்பியின் மேல் புடைத்து நிற்கும் எழுத்து, கட்டில் தொங்கும் டேக், அப்புறம் டேக்கும் அதைக் கட்டியிருக்கும் கட்டுக் கம்பியும் கம்பியின் எழுத்தும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி ஒன்று.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருங்கிவிடும், பெரிதாக்கிப் பார்த்தால் எண்கள் குழைந்துபோகும். 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். அதனால் Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு தாளில் இன்றைய தேதியும் உங்கள் தெருப் பெயரும் எழுதி வைத்து எடுக்கச் சொல்வதும் நல்லது. போன வருஷம் வேறு யாருக்கோ எடுத்த போட்டோ எனக்கே வந்திருக்கிறது.

## 3. மூட்டையில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு முத்திரைக்குப் போங்கள்

முகப்பில் இருக்கும் பெரிய எழுத்து விற்பதற்காக. சூப்பர், ஸ்ட்ராங், கோல்டு, ஏதாவது ஓர் எண், எதுவும் இருக்கலாம். கிரேடு அதில் இல்லை. ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள். அதன் தலைக்கு மேல் IS என்று தொடங்கும் எண் இருக்கும், காலுக்குக் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கும்.

மேலே இருக்கும் எண்தான் சிமெண்டின் குலம் கோத்திரம் எல்லாம்:

`IS 269` என்றால் ஓபிசி, சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட்.
`IS 1489 (Part 1)` என்றால் பிபிசி, அதாவது ஃப்ளை ஆஷ் கலந்தது.
`IS 455` என்றால் ஸ்லாக் சிமெண்ட், இரும்பு உலைக் கசடு கலந்தது.
`IS 16415` என்றால் காம்போசிட், ஃப்ளை ஆஷும் ஸ்லாகும் இரண்டும் சேர்ந்தது.

இங்கே ஒரு சிக்கல். நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், "53 கிரேடுன்னா IS 12269 தானே, இதுல 269 போட்டிருக்கு, டூப்ளிகேட்டா?" என்று கேட்கிறார்கள். இல்லை. முன்பு 33, 43, 53 மூன்றுக்கும் தனித்தனி எண் இருந்தது. 2015-இல் மூன்றையும் IS 269-க்குள் கொண்டு வந்துவிட்டார்கள். அதனால் இப்போது `IS 269` மட்டும் பார்த்தால் கிரேடு தெரியாது, பக்கத்தில் OPC 43 அல்லது OPC 53 என்று இருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எண்ணுக்குப் பின்னால் S என்று இருந்தால் அது ரயில்வே ஸ்லீப்பருக்கானது, வீட்டுக் கடையில் அதைப் பார்க்க மாட்டீர்கள்.

பிபிசியில் இன்னொரு விஷயம். இந்தியத் தரத்தில் பிபிசிக்கு 43, 53 என்று கிரேடே கிடையாது. 28 நாளில் குறைந்தது 33 மெகாபாஸ்கல் பலம் வர வேண்டும் என்று மட்டும்தான் IS 1489 சொல்கிறது. நல்ல கம்பெனிச் சரக்கு அதற்கு மேலேயே நிற்கும், அது வேறு. ஆனால் "பிபிசி 53 கிரேடு" என்று யாராவது சொன்னால் அது அவர் வாய் வார்த்தை, முத்திரை அதற்குப் பொறுப்பேற்காது.

இதனால் பிபிசி மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உப்புக் காற்று கம்பியைத் தின்கிற இடத்தில் ஃப்ளை ஆஷ் கலந்த சிமெண்ட் நல்லதுதான், உப்பு உள்ளே இறங்குவதை அது தாமதப்படுத்தும். ஒரே வித்தியாசம், அது மெதுவாகப் பலம் பிடிக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் IS 456 சொல்கிறபடி, தாங்கலுக்குத் தாங்கல் நாலரை மீட்டர் வரைக்கும் உள்ள தளத்துக்கு ஏழு நாளில் முட்டு எடுக்கலாம் என்ற கணக்கு ஓபிசிக்குப் போட்ட கணக்கு. வேறு சிமெண்ட் என்றால் நாளைக் கூட்ட வேண்டும். தண்ணீர் விடுவதும் ஓபிசிக்கு ஏழு நாள் என்றால் பிபிசிக்குக் குறைந்தது பத்து நாள், வெயில் நேரத்தில் பதினாலு நாள். முத்திரையைப் படிப்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது. சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டியதே இல்லாமல், முட்டு எடுக்கும் தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆகிவிடும்.

## 4. வாரம், மாதம், வருஷம்

மூட்டையின் ஓரத்திலோ வாய்ப்பக்கத்திலோ புள்ளி புள்ளியாக மூன்று எண்கள் இருக்கும், `33/08/25` மாதிரி. புதியவர்கள் இதைத் தேதி என்று படித்துவிட்டு, 33-ஆம் தேதியா என்று சிரிக்கிறார்கள். முதல் எண் வாரம், அடுத்தது மாதம், கடைசி வருஷம்.

இது சரியா என்று சோதிக்க சின்ன கணக்கு போதும். வார எண்ணை ஏழால் பெருக்குங்கள். 33-ஐப் பெருக்கினால் 231, வருஷத்தின் 231-ஆவது நாள் ஆகஸ்ட் நடுவில் வரும். மாதம் 08 என்று இருக்கிறது, பொருந்துகிறது. சில கம்பெனிகள் மாதத்தின் வாரத்தைப் போடுவார்கள், அப்போது முதல் எண் 1-லிருந்து 5-க்குள் இருக்கும். `33/11/25` மாதிரி எந்தக் கணக்கிலும் பொருந்தாமல் இருந்தால் மறுபடி தெளிவான போட்டோ கேளுங்கள். பாதிக்கு மேல் அது அச்சு குழைந்ததாகத்தான் இருக்கும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? மூன்று மாதத்துக்கு மேல் ஆன சிமெண்டைச் சோதித்துப் பார்க்காமல் போடக் கூடாது. கடலோரக் கடையில், தரையோடு தரையாக அடுக்கி வைத்த மூட்டை அதற்கு முன்னாலேயே கட்டி தட்ட ஆரம்பிக்கும். OPC 53 என்று அச்சிட்டது அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது 53 ஆக இருக்காது.

ஒரு மூட்டை போட்டோ அந்த ஒரு மூட்டைக்குத்தான் சாட்சி. அடுக்கின் முன்வரிசை புதுசு, பின்வரிசை பழசு என்பது கடைகளில் சாதாரணம். இறக்கும்போது பின்வரிசையில் இருந்து இரண்டு மூட்டையின் வாரத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

## 5. உரிம எண்ணைச் சரிபார்த்தல்

BIS Care செயலியில் Verify License Details என்பதைத் திறந்து முத்திரைக்குக் கீழே இருக்கும் CM/L எண்ணைப் போடுங்கள். கம்பெனி பெயர், தொழிற்சாலை முகவரி, எந்த IS எண்ணுக்கான உரிமம், அது நடப்பில் இருக்கிறதா என்பது வரும்.

இங்கே பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உரிமம் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை தனி. அதனால் மூட்டையில் அச்சிட்ட ஆலை முகவரியும் செயலியில் வரும் முகவரியும் ஒன்றா, IS எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மூட்டையில் IS 269 இருந்து செயலி IS 1489 காட்டினால் நின்று யோசிக்க வேண்டியதுதான். கம்பிக்கும் இதே வேலையை டேக்கில் உள்ள எண்ணை வைத்துச் செய்யலாம், அங்கே IS 1786 வர வேண்டும்.

## 6. கம்பியில் எழுத்தைப் பிடிப்பது

கம்பியில் எழுத்து மை போட்டு அச்சிட்டதில்லை. உருட்டும்போதே உருளையில் வெட்டியிருக்கும் எழுத்து கம்பியில் புடைத்து வரும். கம்பெனிப் பெயர் கட்டாயம் இருக்கும், நிறைய கம்பெனிகள் கூடவே தடிமனும் கிரேடும் போடுவார்கள். நம் ஊர் காற்றில் இரண்டு வாரத்தில் மேலே செந்தூசி படிந்து, போட்டோவில் எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரியும்.

அதற்கு ஒரு வழி. துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, வெள்ளைச் சாக்பீஸைப் படுக்கவைத்து எழுத்தின் மேல் இலேசாகத் தேயுங்கள். புடைத்த எழுத்து மட்டும் வெள்ளையாகும், பள்ளம் பழுப்பாகவே நிற்கும். அப்புறம் போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுங்கள். 8 எம்எம் கம்பியில் எழுத்து மிகச் சின்னது, இப்படிச் செய்யாமல் படிக்கவே முடியாது.

படிக்கும்போது எண்ணோடு நின்றுவிடாதீர்கள். 500-க்குப் பின்னால் D இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இரண்டுக்கும் அந்த 500 என்ற அளவு ஒன்றுதான். ஆனால் இழுத்தால் அறுவதற்கு முன் குறைந்தது எவ்வளவு நீள வேண்டும் என்பதில் Fe 500-க்கு 12 சதவீதம், Fe 500D-க்கு 16 சதவீதம். D கம்பியில் கந்தகமும் பாஸ்பரஸும் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் விதி. கொக்கி வளைக்கும்போது, நிலம் ஆடும்போது, கம்பி படக்கென்று முறியாமல் வளைந்து கொடுப்பது இதனால்தான்.

"D இல்லைன்னா என்னண்ணா, 550 தர்றேன், அதைவிட ஸ்ட்ராங்கு" என்று கடையில் சொல்வார்கள். வெறும் Fe 550-க்கு நீட்சி 10 சதவீதம்தான். வரைபடத்தில் 500D இருக்கும்போது அதை 550 ஆக மாற்றுவது நீங்களோ கடைக்காரரோ செய்கிற முடிவு இல்லை, இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டிய முடிவு.

கம்பி நுனியில் அடிக்கும் பெயிண்ட் நிறத்தை வைத்து கிரேடு சொல்பவர்களும் உண்டு. ஒரு கம்பெனி பச்சையை ஒன்றுக்கு வைத்தால் இன்னொன்று வேறு எதற்கோ வைக்கும். நிறத்தை நம்பாதீர்கள்.

## 7. டேக்

டேக்கில் கிரேடு, தடிமன், ஹீட் நம்பர் இருக்கும். ஹீட் நம்பர் என்பது ஒரு முறை உருக்கிய இரும்புக்குக் கொடுத்த எண். கடைக்காரரிடம் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டால் அதில் இதே எண் இருக்க வேண்டும். எண் வேறு என்றால் அது வேறு கம்பியின் சர்டிபிகேட்.

டேக் கழன்று விழக்கூடிய பொருள். 12 மீட்டர் கம்பியை வண்டியில் ஏற்ற நடுவில் மடிப்பார்கள் இல்லையா, அப்போதே பாதி டேக் போய்விடும். கீழே கிடந்ததை எடுத்துப் பக்கத்துக் கட்டில் மாட்டிவிடுவார்கள், ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, சும்மா ஒரு பழக்கம். அதனால் டேக்கும் கம்பி எழுத்தும் முரண்பட்டால் கம்பி எழுத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

## 8. போட்டோவில் தெரியாதது: எடை

எழுத்து சரியாக இருந்தும் கம்பி மெலிசாக இருக்கலாம். இதை எந்தப் போட்டோவும் காட்டாது, தராசு காட்டும். துண்டு வெட்டும்போது வளைவு இல்லாத, சரியாக ஒரு மீட்டர் நீளத் துண்டு ஒன்றை எடுத்து மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் வையுங்கள். எத்தனை கிலோ வர வேண்டும் என்பதற்குச் சூத்திரம்:

```
எடை (கிலோ/மீட்டர்) = d × d / 162
```

d என்பது மில்லிமீட்டரில் தடிமன். 12 எம்எம் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் சுமார் 889 கிராம். தனித் துண்டுக்கு 6 சதவீதம் வரை குறையலாம், அதாவது 835 கிராமுக்குக் கீழே போனால் சரியில்லை. 8 எம்எம் என்றால் 395 கிராம் வர வேண்டும், 8 சதவீதம் வரை குறையலாம், 363-க்குக் கீழே போகக் கூடாது. மீட்டர் டேப்பும் தராசின் எண்ணும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்து அனுப்பச் சொன்னால் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

## 9. கொடுங்கையூரில் ஒரு வீடு

போன வருஷம் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மாமா பையன் வீட்டில் முதல் மாடித் தளம். வியாழன் ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு போட்டோ வந்தது. வரைபடத்தில் M20, Fe 500D, சிமெண்ட் "ஓபிசி அல்லது பிபிசி" என்று இருந்தது.

மூட்டை முகப்பில் 53 பளிச்சென்று இருந்தது. முத்திரையைப் பெரிதாக்கினால் `IS 1489 (Part 1)`. ஆக பிபிசி, வரைபடப்படி தப்பில்லை. மேஸ்திரி ஒன்பதாம் நாள் முட்டு எடுக்கத் திட்டம் போட்டிருந்தார், இன்ஜினியரைக் கேட்டு அதைப் பதினாலு ஆக்கினோம். முன்வரிசை மூட்டையில் வாரம் 33, ஆகஸ்ட். பின்வரிசை படம் கேட்டதற்குக் கடைப் பையன் முனகினான், பிறகு அனுப்பினான். அதில் `20/05/25`. இருபதை ஏழால் பெருக்கினால் 140, மே நடு. தளம் போடுகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அது பதினஞ்சு வாரச் சரக்கு. அறுபது மூட்டையில் பதினாலு அப்படி இருந்தது. வெள்ளிக்கிழமை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், சண்டை எதுவும் வரவில்லை.

கம்பிதான் இழுத்தது. பில்லில் 500D, 12 எம்எம் டேக்கிலும் 500D. கம்பியின் மேல் 500 வரை தெரிந்தது, அதற்கப்புறம் சேறு. மாமா பையன் அங்கேயே சாக்பீஸ் தேடிப் போய், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கித் தேய்த்து எடுத்து அனுப்பினான். 500-க்கு அடுத்து கம்பியின் வழக்கமான வரிதான், D இல்லை. ஒரு மீட்டர் தள்ளி அடுத்த எழுத்தையும் எடுக்கச் சொன்னேன், ஒரு இடத்தில் அழிந்திருக்கலாம் அல்லவா. அங்கேயும் இல்லை. 8 எம்எம் கம்பியில் D தெளிவாக இருந்தது.

கடைக்காரர் போனில், "ண்ணா, ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே ரேட்டு, இன்னா வித்தியாசம் சொல்லு" என்றார். வித்தியாசம் சொல்லவில்லை, பில்லில் நீங்கள் எழுதியதைக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லி, பில்லையும் சாக்பீஸ் போட்டோவையும் அடுத்தடுத்து அனுப்பினேன். அவரிடம் 500D வேறு கட்டுகளில் இருந்தது, டேக் மட்டும் மாறி ஏறியிருக்கிறது. வெள்ளி மதியம் குட்டி யானையில் வந்து இறங்கியது. மேலே ஏற்றும் முன்னால் மேஸ்திரியே ஒவ்வொரு கட்டிலும் சாக்பீஸ் தேய்த்தார்.